மூன்று எண்ணெய்க்கு எத்தனை லேபிள்?

கேள்வி: காங்கேயத்தில் அப்பா காலத்து மரச்செக்கை இப்போது நான் எடுத்து நடத்துகிறேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் புது லேபிள் போட்டு, 2026 தீபாவளிக்குக் கடைகளில் வைக்க ஆசை. லிஸ்பனில் உள்ள ஒரு ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளரின் வேலைகளை இணையத்தில் பார்த்தேன், மிகவும் பிடித்துவிட்டது. என்னால் 900 யூரோ வரை தர முடியும். அவருக்கு அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “எங்கள் மூன்று எண்ணெய்களுக்கும் நல்ல லேபிள் டிசைன் வேண்டும். தீபாவளிக்கு முன்னால் முடிய வேண்டும், கொஞ்சம் அவசரம். அட்வான்ஸ் தருகிறோம். திருப்தியானதும் மீதியை உடனே தந்துவிடுவோம். மற்றதை நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.” இதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினால் போதுமா? வெளிநாட்டவரோடு வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை. ஜூலைக்குள் எழுதிவிட நினைக்கிறேன்.
— வாசகர், காங்கேயம்

பதில்:

அன்புடையீர், இந்த மடலை அனுப்ப வேண்டாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் விரலை மடக்கி எண்ணிப் பார்க்கவோ, நாட்காட்டியில் வட்டமிடவோ ஒரு சொல்கூட இல்லை. “நல்ல”, “அவசரம்”, “திருப்தி”, “உடனே” ஆகிய நான்கு சொற்களுக்கும் உங்கள் மனத்தில் ஓர் அளவு இருக்கிறது, அவர் மனத்தில் வேறோர் அளவு இருக்கும். உள்ளூர் அச்சகக்காரரிடம் பேசும்போது அந்த இடைவெளியை ஒரு போன் அழைப்பில் நிரப்பிவிடுவோம். நான்கரை மணி நேர வித்தியாசத்தில், இருவருக்கும் தாய்மொழி அல்லாத ஆங்கிலத்தில், முன்பின் பார்த்திராதவர்கள் நடத்தும் வேலையில் அந்த வசதி கிடையாது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். “மூன்று எண்ணெய்களுக்கு லேபிள்” என்றதும் நீங்கள் மூன்று லேபிள் என்று நினைத்திருப்பீர்கள். செக்கு எண்ணெயை ஒரே அளவில் விற்பவரை நான் பார்த்ததில்லை, ஆகவே உங்களிடமும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குறைந்தது இரண்டு பாட்டில்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அரை லிட்டர் பாட்டிலின் சுற்றளவு குறைவு. ஒரு லிட்டர் லேபிளை அப்படியே சுருக்கி அதில் ஒட்டினால் சட்டப்படி இருக்க வேண்டிய எழுத்தின் உயரம் குறைந்துவிடும், பார்கோடும் ஸ்கேனரில் படாமல் போகலாம். எனவே அதை மறுபடி அடுக்கி வடிவமைக்க வேண்டும். மூன்று எண்ணெய், இரண்டு அளவு: அச்சுக்குப் போகும் கோப்புகள் ஆறு. வடிவமைப்பாளரோ உங்கள் வரியைப் படித்துவிட்டு, “ஒரு வடிவமைப்பு, மூன்று நிறம்” என்று கணக்கிட்டு விலை சொல்லியிருப்பார். செப்டம்பர் நடுவில் நீங்கள் அரை லிட்டருக்குக் கேட்கும்போது அவர் கூடுதல் கட்டணம் கேட்பார். நீங்கள் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைப்பீர்கள், அவரும் உங்களை அப்படியே நினைப்பார். இருவருமே நேர்மையானவர்களாக இருந்தும் சண்டை வரும் இடம் இதுதான்.

ஆகவே மடலில் பொருளைச் சொல்லாமல் கோப்பைச் சொல்லுங்கள். ஆறு லேபிள்கள், ஒவ்வொன்றின் அகலமும் உயரமும் மில்லிமீட்டரில், ஒவ்வொன்றுக்கும் அச்சுக்குத் தயாரான ஒரு பிடிஎஃப், அதைத் திருத்தக்கூடிய ஒரு மூலக் கோப்பு. அளவை நீங்களே ஸ்கேல் வைத்து எடுக்காதீர்கள். லேபிள் அடிக்கும் அச்சகத்தில் கேட்டால் வெட்டுக்கோடு போட்ட வரைபடத்தைக் கோப்பாகவே தருவார்கள். நம் அச்சகங்களில் டைலைன் என்பார்கள். அதை மடலோடு இணைத்துவிட்டால், வெட்டுக்கோட்டுக்கு வெளியே எவ்வளவு நிறம் நீள வேண்டும், லேபிளின் ஓரம் எங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்டும் என்பதெல்லாம் பேச்சே இல்லாமல் அவருக்குப் புரியும்.

“மற்றதை நீங்களே பார்த்துச் செய்யுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மற்றதில்தான் நம் நாட்டுச் சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சதுரத்துக்குள் பச்சை வட்டமாக இருக்கும் சைவக் குறி, நிகர அளவு, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, ஊட்டச்சத்து அட்டவணை, புகார் தெரிவிக்கும் முகவரி ஆகியவை எங்கே, எந்த உயரத்தில் வர வேண்டும் என்பது லிஸ்பனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒருங்கிணைத்த ஒரு வேலையில், வெளிநாட்டு வடிவமைப்பாளர் அந்தப் பச்சைக் குறியை ஏதோ அலங்காரம் என்று நினைத்து, லேபிளின் மற்ற நிறங்களோடு பொருந்தட்டும் என்று அழகான காவிப் பழுப்புக்கு மாற்றிவிட்டார். பழுப்பு என்பது இங்கே அசைவத்துக்கான நிறம். நல்லவேளை, அச்சக மேற்பார்வையாளர் கண்ணில் பட்டது. குற்றம் அந்த வடிவமைப்பாளருடையதன்று. இது மாற்றக்கூடாத குறி என்று நான் எழுதவில்லை. லேபிளில் வரும் எழுத்து முழுவதையும் நீங்களே இறுதி வடிவில் தருவீர்கள், அதன் சட்டப் பொறுப்பு உங்களுடையது, அவர் இடத்தையும் தோற்றத்தையும் மட்டுமே தீர்மானிப்பார், சைவக் குறியின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றமாட்டார் என்று முதல் மடலிலேயே பிரித்துவிடுங்கள். தொகுதி எண்ணும் தயாரிப்புத் தேதியும் பாட்டில் நிரப்பும்போது இங்க்ஜெட் இயந்திரத்தில் அடிக்கப்படும் என்பதால், அதற்கு ஒரு வெற்றுக்கட்டம் விட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் இருண்ட நிறம் இருந்தால் தேதி தெரியாது.

லேபிளில் தமிழ் எழுத்து வரப்போகிறது என்பதால் இன்னொன்றும் உண்டு. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோர்ப்பு அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உயிர்மெய் எழுத்துகள் உடைந்துவிடும். “செக்கு எண்ணெய்” என்பதில் உள்ள ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது, பின்னால் போய் ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்கும். நமக்கு அது கண்ணை உறுத்தும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அதுவும் ஓர் எழுத்துத்தான். எனவே பெயர்களையும் மற்றத் தமிழ் வரிகளையும் இங்கேயே ஒரு டிடிபி நிலையத்தில் நல்ல எழுத்துருவில் அடித்து, கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். “தமிழ் எழுத்துகளைத் தட்டச்சு செய்யவோ, பகுதி பகுதியாகப் பிரித்து நகர்த்தவோ வேண்டாம், முழு வரியாகப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், நிறம் மாற்றலாம்” என்று ஒரு வாக்கியம் போதும். அவரே தமிழை வரைந்து புதுமை செய்ய வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால் அது தனி வேலை, தனிக் கட்டணம். இந்த 900 யூரோவுக்குள் அதைக் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அளவில் கடைசியாக, திருத்தம். “இரண்டு திருத்தம் இலவசம்” என்று பலரும் எழுதுகிறார்கள். திருத்தம் என்பது ஒரு மாற்றமா, ஒரு மின்னஞ்சலா, ஒரு சுற்றா? காலையில் நீங்கள் ஒரு கருத்து அனுப்பி, மாலையில் உங்கள் அப்பா பார்த்துவிட்டு இன்னொன்று சொல்லி, மறுநாள் விநியோகஸ்தர் சொன்னதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் கணக்கில் மூன்று திருத்தம் முடிந்துவிட்டது. எல்லாருடைய கருத்தையும் தொகுத்து ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது ஒரு சுற்று என்று வரையறுங்கள். இந்த வரையறை அவரைவிட உங்கள் வீட்டைத்தான் அதிகம் கட்டுப்படுத்தும்.

இனி நாள். அவருக்குத் தீபாவளி எப்போது என்று தெரிய வேண்டியதில்லை. 2026-இல் அது நவம்பர் 8, ஞாயிறு. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைகளுக்குச் சுமார் மூன்று வாரம் முன்னால் சரக்கு போக வேண்டுமென்றால் அக்டோபர் 19. பாட்டில் நிரப்பி, ஒட்டி, அனுப்ப ஒரு வாரம். மாதிரி அச்சு பார்த்துச் சரிசெய்து, முழு அச்சு முடிய அச்சகம் கேட்கும் நாள் சுமார் இரண்டு வாரம். தீபாவளியை ஒட்டி எல்லா அச்சகங்களிலும் வேலை குவிந்திருக்கும் என்பதால் அதைக் குறைத்துக் கணக்கிட வேண்டாம். ஆக, அச்சுக் கோப்புகள் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும். மடலில் வர வேண்டிய நாள் அதுதான்.

தொடக்க நாளையும் நீங்களே முன்வையுங்கள். ஆகஸ்டு மாதம் போர்த்துகலில் பலர் நீண்ட விடுமுறையில் போகும் காலம். ஜூலையில் ஒப்புக்கொண்டு ஆகஸ்டு முழுவதும் பதில் வராமல் இருந்தால் நீங்கள் தவித்துப் போவீர்கள், அவரோ கடற்கரையில் இருப்பார். ஆகஸ்டு 24, திங்கட்கிழமை தொடக்கம் என்று எழுதி, அந்நாளில் தொடங்க முடியுமா என்பதற்கு மட்டும் உறுதியான பதில் கேளுங்கள். நாளை எண்களால் மட்டும் எழுதாமல் மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். கிழமை சேர்த்தால் தவறாக அடித்த தேதி உடனே காட்டிக்கொடுத்துவிடும். நேரமும் வேண்டும்: “லிஸ்பன் நேரம் மாலை 6 மணி, இந்திய நேரம் இரவு 10.30”. செப்டம்பரில் வித்தியாசம் நான்கரை மணி. அக்டோபர் 25 அன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் நகர்த்துவார்கள், அதன்பின் ஐந்தரை மணி ஆகும். உங்கள் வேலை அதற்குள் முடிந்துவிடும் என்பதால் அந்தக் கவலை இல்லை.

கெடுவில் பலர் விட்டுவிடுவது தம் பங்கு நாட்களை. அவர் மாதிரியை அனுப்பிய பின் நீங்கள் பத்து நாள் யோசித்தால் செப்டம்பர் 25 எப்படி நிற்கும்? உங்கள் பதிலுக்கும் நாள் குறியுங்கள். நீங்கள் தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் அவருடைய இறுதி நாள் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று நீங்களே எழுதிவிடுங்கள். இதைப் படிக்கும் வடிவமைப்பாளருக்கு, எதிரில் இருப்பவர் வேலை தெரிந்தவர் என்ற நம்பிக்கை வந்துவிடும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொகையைச் சொல்லாமல் “உங்கள் ரேட் என்ன” என்று கேட்பதா, நம் தொகையைச் சொல்லிவிடுவதா என்பதில் இரு கட்சி உண்டு. வேலையின் அளவை இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்ட பிறகு தொகையையும் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கட்சி. ஒத்துவராவிட்டால் அவர் இரண்டு வரியில் மறுத்துவிடுவார், இருவருக்கும் ஒரு வாரம் மிச்சம். தொகையோடு நாணயத்தின் மூன்றெழுத்துக் குறியைச் சேர்த்து EUR 900 என்று எழுதுங்கள். யூரோ என்பதில் குழப்பம் குறைவு, டாலரில்தான் ஆபத்து. ஒருமுறை ஆஸ்திரேலியாவில் இருந்த ஒருவருக்கு “600 டாலர்” என்று எழுதி ஒப்புதலும் வாங்கிவிட்டேன். நான் நினைத்தது ஆஸ்திரேலிய டாலர், அவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வழக்கமாகச் சொல்லும் அமெரிக்க டாலரை நினைத்திருந்தார். இன்வாய்ஸ் வந்த அன்றுதான் தெரிந்தது. பாதி வித்தியாசத்தை நான் ஏற்றுக்கொண்டேன். இன்னொன்று, ஆயிரத்தைத் தாண்டும் எண் எழுதும்போது போர்த்துகலில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி என்பதை நினைவில் வையுங்கள். “10,000 லேபிள்” என்பதைக் காற்புள்ளி இல்லாமல் எழுதுவது நல்லது. லட்சம் என்ற சொல் வேண்டவே வேண்டாம்.

தவணை எத்தனை? உள்ளூரில் மூன்று, நான்கு தவணை வைப்போம். வெளிநாட்டுக்கு ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் வங்கிக் கட்டணம், விண்ணப்பம், தணிக்கையாளரின் தாள் என்று ஒரே செலவும் அலைச்சலும் திரும்ப வரும். 900 யூரோவுக்கு இரண்டு தவணையே போதும்: முன்பணம் 450, மீதி 450. மீதியை எதோடு பிணைப்பது என்பதுதான் கேள்வி. “திருப்தியானதும்” என்பது உங்கள் மனநிலை, அதற்கு அவர் எப்படி நாள் குறிப்பார்? ஆறு அச்சுக் கோப்புகளும் வந்து சேர்வது நிகழ்ச்சி, அதை இருவரும் பார்க்கலாம். எனவே அச்சுக் கோப்புகள் வந்ததும் மீதிப் பணம், மீதிப் பணம் கிடைத்ததும் மூலக் கோப்புகளும் உரிமைப் பத்திரமும் என்று சங்கிலியாக அமையுங்கள். இதில் ஒரு வசதி உண்டு. வங்கியில் பணம் போய்ச்சேரும் நாட்களுக்காக உங்கள் அச்சகம் காத்திருக்க வேண்டாம். அவர் கையிலும் மூலக் கோப்பு என்ற பிடி இருக்கும்.

“ஐந்து வேலை நாட்களுக்குள்” என்று எழுதாதீர்கள். உங்கள் கணக்கில் நடக்கப்போவதைப் பாருங்கள்: செப்டம்பர் 25-க்குப் பின் ஐந்து வேலை நாள் எண்ணினால் அக்டோபர் 2 நமக்குக் காந்தி ஜயந்தி, வங்கி இல்லை. அக்டோபர் 5 அவர்களுக்குக் குடியரசு நாள், அங்கே விடுமுறை. யாருடைய வேலை நாள் என்று கேட்டால் பதில் இல்லை. அக்டோபர் 1, வியாழக்கிழமைக்குள் பணத்தை அனுப்பி, வங்கியின் அனுப்புச் சீட்டின் நகலை அன்றே மின்னஞ்சல் செய்வோம் என்று எழுதுங்கள். கவனியுங்கள், “அனுப்புவோம்” என்பதுதான் உங்கள் வாக்குறுதி. போய்ச்சேரும் நாள் நம் கையில் இல்லை, இடையில் இருக்கும் வங்கிகளின் கையில் இருக்கிறது.

அந்த இடைவங்கிகள்தான் இன்னொரு மனக்கசப்புக்கும் காரணம். வங்கி விண்ணப்பத்தில் கட்டணம் யாருடையது என்பதற்கு `OUR`, `SHA`, `BEN` என்று மூன்று தெரிவுகள் இருக்கும். பலர் கவனிக்காமல் பகிர்வு என்ற `SHA`-வை விட்டுவிடுவார்கள். 450 அனுப்பினால் வழியில் வெட்டுப்பட்டு 450-க்குக் குறைவாகப் போய்ச்சேரும், அவர் நீங்கள் குறைத்து அனுப்பியதாக நினைப்பார். `OUR` என்றால் கட்டணம் முழுவதும் உங்களுடையது. அதைத் தேர்ந்தெடுங்கள், அப்படியும் குறைந்து போனால் வித்தியாசத்தை ஈடுசெய்வதாக எழுதுங்கள். சில யூரோ விஷயம்தான், ஆனால் முதல் தவணையில் வரும் குறைதான் மனத்தில் தங்கும்.

வரியில் மடலுக்கு வேண்டியது மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டவருக்குப் பணம் அனுப்புமுன் இங்கே வரி பிடிக்க வேண்டுமா என்பதை உங்கள் தணிக்கையாளர் முடிவு செய்வார். இந்தியாவுக்கும் போர்த்துகலுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு, அதன் பயனைப் பெற அவர் தம் நாட்டு வரித்துறையிடமிருந்து வசிப்புச் சான்று வாங்கித் தர வேண்டும். அது கிடைக்க நாள் ஆகலாம் என்பதால் முதல் மடலிலேயே கேட்டுவிடுங்கள், பணம் அனுப்பும் வாரத்தில் கேட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். தணிக்கையாளரைப் பார்த்த பிறகே மடலை அனுப்புங்கள். ஏனென்றால் 900 என்பது வரி போகவா, வரி உட்படவா என்பதை ஒரே வார்த்தையில் நீங்கள் சொல்லியாக வேண்டும். மேலும் வெளிநாட்டிலிருந்து தொழிலுக்காகச் சேவை பெற்றால் 18 சதவீத ஜிஎஸ்டியை எதிர்மறைக் கட்டண முறையில் நீங்களே கட்ட வேண்டிவரும். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, உங்கள் பட்ஜெட்டுக்குத் தெரிய வேண்டும்.

போர்த்துகலில் தனியாகத் தொழில் செய்வோர் அரசின் வரித்தளத்தில் பதிந்து தரும் தாள்களில் இருவகை உண்டு. ஃபதூரா என்பது பணம் கேட்கும் இன்வாய்ஸ். ஃபதூரா-ரெசிபு என்பது பணம் வந்த பிறகு தருவது. உங்கள் வங்கி பணம் அனுப்புமுன் இன்வாய்ஸ் கேட்கும். அவரோ பணம் வந்ததும் தருகிறேன் என்று பழக்கத்தில் சொல்லக்கூடும். பணம் அனுப்புவதற்கு முன்னரே ஃபதூரா வேண்டும் என்று அந்தச் சொல்லையே போட்டு எழுதிவிட்டால் ஒரு வாரம் வீணாகாது.

உரிமை பற்றி முதல் மடலிலேயே பேசுவது அநாகரிகம் என்று தயங்காதீர்கள். காசு கொடுத்ததாலேயே லேபிள் ஓவியத்தின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். துபாய்க்கு எண்ணெய் அனுப்பும் நாளில் அந்த ‘இந்தியா மட்டும்’ உங்களை இடறும். போர்த்துகல் சட்டத்திலும், பிறர் சொல்லிச் செய்த படைப்பு யாருடையது என்பதை முதலில் பார்ப்பது இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத்தான். ஆகவே காலம், எல்லை இரண்டையும் சொல்லி, பிறகு கையெழுத்திட ஒரு பக்கப் பத்திரம் வரும் என்று தெரிவியுங்கள். பதிலுக்கு, லேபிள் சந்தைக்கு வந்த பின் தம் வேலைத்தொகுப்பில் காட்ட அவருக்கு அனுமதி கொடுங்கள். அவருக்கு அது பணத்துக்கு அடுத்த பொருள், உங்களுக்குச் செலவு இல்லை.

கீழே உங்கள் மடலைத் தமிழில் எழுதித் தருகிறேன். வாக்கியத்துக்கு வாக்கியம் எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள், இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்க வேண்டாம். நம் அலுவலக ஆங்கிலத்தில் “ரிவர்ட்” என்றால் பதில் தருவது. அங்கே பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள்படும். “டூ தி நீட்ஃபுல்” என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. வடிவமைப்பாளரை ஐயா என்றோ அம்மா என்றோ ஊகிக்காமல் பெயர் சொல்லி விளியுங்கள், அங்கே அது மரியாதைதான்.

“வணக்கம். நான் இந்தியாவில் காங்கேயம் என்ற ஊரில் மரச்செக்கு எண்ணெய் தயாரிக்கிறேன். உங்கள் தளத்தில் உள்ள உணவுப்பொருள் லேபிள்களைப் பார்த்து எழுதுகிறேன்.

எனக்கு ஆறு லேபிள்கள் வேண்டும்: மூன்று எண்ணெய்கள், ஒவ்வொன்றும் 500 மில்லி, 1 லிட்டர் என இரண்டு அளவில். அளவுகள் இணைத்துள்ள வரைபடத்தில் உள்ளன. ஒவ்வொரு லேபிளுக்கும் அச்சுக்கான ஒரு பிடிஎஃப் கோப்பும், திருத்தக்கூடிய ஒரு மூலக் கோப்பும் தர வேண்டும். லேபிளில் வரும் எழுத்து முழுவதையும் நான் தருவேன், அதன் சட்டப் பொறுப்பு என்னுடையது. தமிழ் வரிகளைக் கோட்டு வடிவமாகத் தருவேன், அவற்றைத் தட்டச்சு செய்யவோ பிரிக்கவோ வேண்டாம். பச்சைச் சதுரக் குறி சட்டத்தால் விதிக்கப்பட்டது, அதன் நிறத்தையும் வடிவத்தையும் மாற்ற வேண்டாம். விலைக்கு வாங்க வேண்டிய எழுத்துருவோ படமோ பயன்படுத்துமுன் என்னிடம் கேளுங்கள், அதற்கான உரிமத்தை என் பெயரில் நான் வாங்குவேன். சின்னம், பெட்டி, விளம்பரம், இணையதளம் ஆகியவை இந்த வேலையில் சேராது.

தொடக்கம் 2026 ஆகஸ்டு 24, திங்கள். செப்டம்பர் 4, வெள்ளி: கடலை எண்ணெய் 1 லிட்டர் லேபிளுக்கு மட்டும் இரண்டு மாதிரிகள். செப்டம்பர் 8, செவ்வாய்: ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் சுற்றுக் கருத்துகளை அனுப்புவேன். செப்டம்பர் 16, புதன்: ஆறு லேபிள்களும். செப்டம்பர் 18, வெள்ளி: இரண்டாம் சுற்றுக் கருத்துகளை அனுப்புவேன். செப்டம்பர் 25, வெள்ளி, லிஸ்பன் நேரம் மாலை 6 மணி: ஆறு அச்சுக் கோப்புகள். ஒரு சுற்று என்பது என் கருத்துகள் அனைத்தும் அடங்கிய ஒரு மின்னஞ்சல். மூன்றாம் சுற்று வேண்டுமானால் அதன் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் தவறால் நேர்ந்த பிழையைத் திருத்துவது சுற்றில் சேராது. நான் தாமதித்தால் அத்தனை நாட்கள் உங்கள் நாட்களும் தள்ளிப்போகும்.

கட்டணம் மொத்தம் EUR 900. உங்கள் நாட்டில் நீங்கள் கட்ட வேண்டிய வரிகள் இதில் அடக்கம். இந்தியாவில் பிடிக்க வேண்டிய வரி இருந்தால் அது என் செலவு, உங்களுக்கு 900 முழுவதும் வரும். முன்பணம் EUR 450: உங்கள் ஃபதூரா கிடைத்த பின், ஆகஸ்டு 20, வியாழனுக்குள் அனுப்புவேன். மீதி EUR 450: ஆறு அச்சுக் கோப்புகளும் கிடைத்த பின், அக்டோபர் 1, வியாழனுக்குள் அனுப்புவேன். இரண்டும் வங்கி வழியாக, கட்டணம் முழுவதும் என்னுடையது. குறைந்து வந்தால் ஈடுசெய்வேன். மீதி கிடைத்த இரண்டு நாட்களில் மூலக் கோப்புகளையும் கையொப்பமிட்ட உரிமைப் பத்திரத்தையும் அனுப்ப வேண்டும். செப்டம்பர் 8-க்குள் நான் வேலையை நிறுத்தினால் முன்பணம் உங்களுடையது, மாதிரிகள் மீது எனக்கு உரிமை இல்லை. அதன் பின் நிறுத்தினால் முன்பணத்தோடு சேர்த்து மொத்தம் EUR 700 வரும்படி மீதியைத் தருவேன். ஆகஸ்டு 24 அன்று உங்களால் தொடங்க முடியாமல் போனால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஆறு லேபிள்களின் பதிப்புரிமை, உலகம் முழுவதற்கும், அதன் முழுக் காலத்துக்கும் எனக்கு மாறும். நவம்பர் 8-க்குப் பின் அவற்றை உங்கள் வேலைத்தொகுப்பில் காட்டலாம்.

ஜூலை 24, வெள்ளிக்குள் மூன்று விஷயங்களுக்குப் பதில் வேண்டும்: இந்த அளவும் தொகையும் உங்களுக்கு ஏற்புடையதா, ஆகஸ்டு 24 அன்று தொடங்க முடியுமா, 2026-க்கான வரி வசிப்புச் சான்று தர முடியுமா. ஏதேனும் ஒரு வரியை மாற்ற விரும்பினால் அந்த வரியையே மாற்றி எழுதி அனுப்புங்கள்.”

வேலையை நிறுத்தினால் தரும் தொகை உங்களுக்குக் கசக்கலாம். அதை எடுத்துவிட்டும் அனுப்பலாம்தான், ஆனால் அனுபவமுள்ள வடிவமைப்பாளர் முதலில் தேடும் வரி அது. அவர் கேட்டு நீங்கள் தருவதைவிட நீங்களே சொன்னால் 700 என்ற எண்ணை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

கடைசி வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். “பரவாயில்லை, பேசிக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் எதைப் பேசுவது என்று யாருக்கும் தெரியாது. அவர் “செப்டம்பர் 16 என்பதை செப்டம்பர் 18 ஆக்குங்கள்” என்று எழுதினால் உங்களுடைய இரண்டாம் சுற்றுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று உடனே எண்ணிப்பார்க்கலாம். மாற்றங்களை ஏற்ற பிறகு, மடல் முழுவதையும் புதிய நாட்களோடு ஒருமுறை மறுபடி அனுப்பி, “ஒப்புக்கொள்கிறேன்” என்ற பதிலை அதே மடலுக்கு வாங்குங்கள். அந்தப் பதில் வந்த பிறகே அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைக் கேளுங்கள். போர்த்துகல் கணக்கென்றால் `PT50` என்று தொடங்கி 25 எழுத்துகள் இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு, வீடியோ அழைப்பில் அவர் வாயாலேயே ஒருமுறை வாசிக்கக் கேட்டு, அதன் பின் வங்கிக்குப் போங்கள்.